புகார் முடிந்தது, அடைப்பு முடியவில்லை

இந்திய நகரங்களின் உள்ளாட்சி அலுவலகங்களில் நாள்தோறும் இரண்டு வாக்கியங்கள் எதிரெதிரே நிற்கின்றன. முதல் வாக்கியம் குடியிருப்பாளருடையது: "எங்கள் தெருவில் மேன்ஹோல் பொங்கிக் கழிவுநீர் ஓடுகிறது, உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்." இரண்டாவது அலுவலகத்துடையது: "அடைப்பு நீக்கப்பட்டது, புகார் முடித்து வைக்கப்பட்டது." பெரும்பாலும் இரண்டுமே உண்மை. கழிவுநீர் ஓடியதும் உண்மை, ஆட்கள் வந்து போனபின் தெரு காய்ந்ததும் உண்மை. ஆயினும் பத்து நாள் கழித்து அதே மூடியின் விளிம்பில் அதே கறுப்பு நீர் கசியத் தொடங்குகிறது. மீண்டும் ஒரு புகார், மீண்டும் ஒரு எண், மீண்டும் ஒரு முடிப்பு.

இதற்கு அலுவலகத்தின் அலட்சியத்தை மட்டும் காரணமாகச் சொல்வது எளிது. அலட்சியம் உண்டு. ஆனால் அதற்கும் முன்னால் அந்த முதல் வாக்கியத்திலேயே ஒரு குறை இருக்கிறது. 'பொங்குகிறது' என்பது ஒரு நிகழ்ச்சியைச் சுட்டும் வினை. நிகழ்ச்சியைப் பற்றிப் புகார் செய்தால் நிகழ்ச்சி நின்றதும் புகாரும் முடிந்துவிடும். பழுதோ மூடியில் இல்லை. மண்ணுக்கடியில், இரண்டு மேன்ஹோல்களுக்கு இடைப்பட்ட குழாயில் இருக்கிறது. அந்தக் குழாய் இரண்டு வாக்கியங்களிலும் இடம்பெறவே இல்லை. புகாரில் இடம்பெறாத பொருளை யாரும் சரிசெய்யக் கடமைப்பட்டவர் அல்லர் என்பதே அலுவலக மொழியின் இலக்கணம்.

புகார்க் கடிதம் நெடுங்காலமாக ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது. இந்தியில் "சவினய நிவேதன் ஹை கி" என்று தொடங்கும். தமிழில் "தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கும். அடுத்துத் துன்பத்தின் பட்டியல் வரும்: துர்நாற்றம், கொசு, நோய் பரவும் அச்சம், பள்ளி செல்லும் குழந்தைகள், முதியவர்கள். இறுதியில் 'தக்க நடவடிக்கை' என்னும் வேண்டுகோள். இவை யாவும் மெய்யான துன்பங்கள். ஆனால் படிப்பவர் மனம் இரங்கினால் காரியம் நடக்கும் என்னும் மனுவின் தருக்கமே இந்த வடிவத்தை ஆள்கிறது. இரங்கிய அதிகாரியும் எந்த இடத்தில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை அக்கடிதத்திலிருந்து அறிய முடியாது. 'தக்க நடவடிக்கை' எது என்பதை முடிவு செய்யும் உரிமையைப் புகாரிலேயே எதிர்த்தரப்பிடம் ஒப்படைத்தாயிற்று.

சொல்லின் அளவிலேயே புகார் வழிதவறுவதும் உண்டு. தமிழில் 'சாக்கடை' என்பது திறந்த கால்வாயையும் குறிக்கும், பாதாளக் குழாயையும் குறிக்கும். டெல்லியின் அன்றாட இந்தியில் 'நாலி' என்பது வீட்டோரச் சிறு வடிகால், 'நாலா' என்பது பெரிய கால்வாய், 'சீவர்' என்பது நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய். இந்த வேறுபாடு வெறும் அகராதிச் செய்தியன்று. டெல்லியில் சீவர் ஜல் போர்டின் பொறுப்பு. குடியிருப்புத் தெருக்களின் நாலி மாநகராட்சியின் பொறுப்பு. அகன்ற சாலைகளின் வடிகால்களைப் பொதுப்பணித் துறையும் பெரிய நாலாக்களைப் பாசன, வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறையும் கவனிக்கின்றன. சீவரிலிருந்து பொங்கிய நீர் பத்தடி ஓடி நாலியில் விழுந்ததும் அலுவலகமே மாறிவிடுகிறது. 'கால்வாய் நிறைந்து வழிகிறது' என்று எழுதினால் ஒரு துறைக்குப் போகும். 'சீவர் மேன்ஹோலிலிருந்து வெளியேறுகிறது' என்று எழுதினால் வேறொரு துறைக்குப் போகும். தவறான துறை 'எங்கள் வரம்பில் இல்லை' என்று அதை முடித்துவிடும். ஆகவே நீர் எங்கே தேங்குகிறது என்பதற்கு முன்னால், எதிலிருந்து வெளிவருகிறது என்பதைச் சொல்வதே புகாரின் முதற்கடமை.

அந்தக் குழாயைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நகரத் தெருக்களின் கழிவுநீர்க் குழாய் பொதுவாக 150 அல்லது 200 மில்லிமீட்டர் விட்டம் உடையது. அதில் நீரை யாரும் உந்துவதில்லை. சரிவே அதை நகர்த்துகிறது. நீர் விநாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் மண்ணும் மலமும் அடியில் தங்காமல் அடித்துச் செல்லப்படும். 200 மில்லிமீட்டர் குழாயில் அந்த வேகம் கிடைக்க, 300 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் சரிவு வேண்டும். மேன்ஹோல்கள் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒன்றாக அமைக்கப்படுகின்றன. அதாவது ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்ததற்குள் குழாய் இறங்குவது பத்துச் சென்டிமீட்டர் மட்டுமே. மண் இறங்கியோ கனரக லாரி ஏறியோ குழாயின் ஒரு பகுதி ஐந்து சென்டிமீட்டர் அமிழ்ந்தால் போதும். அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும், வண்டல் படியும், எண்ணெய்ப்பசை ஒட்டும், துணி சிக்கும்.

கணக்கு பார்ப்பதற்காக ஒரு மாதிரித் தெருவை அமைத்துக்கொள்வோம். 60 வீடுகள், 300 பேர். நீர் ஓடும் திசையில் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்ட ஐந்து மேன்ஹோல்கள், 120 மீட்டர் நீளம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்குவது இந்திய நகரங்களுக்கான திட்ட அளவு. அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்புவதாகக் கொள்வது வழக்கம். அப்படியானால் இந்தத் தெருவின் ஒரு நாள் கழிவுநீர் சுமார் 32,400 லிட்டர். விநாடிக்குச் சராசரி அரை லிட்டர்கூட இல்லை. காலை நேர உச்சத்தை அதன் மும்மடங்காகக் கொண்டாலும் விநாடிக்கு ஒரு லிட்டரைச் சற்றே தாண்டும். நல்ல நிலையிலுள்ள 200 மில்லிமீட்டர் குழாயோ விநாடிக்கு ஏறத்தாழ 19 லிட்டரைக் கொண்டுசெல்லும்.

இந்த ஒரு கணக்கே பல விவாதங்களை முடித்துவைக்கும். 'ஜனத்தொகை பெருகிவிட்டது, குழாய் போதவில்லை' என்பது அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் விடை. பல தெருக்களின் கழிவைச் சேர்த்துச் செல்லும் பெரிய குழாயில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் தன் கழிவை மட்டும் சுமக்கும் ஒரு சிறு தெருவில், மழையில்லாத நாளில் மேன்ஹோல் பொங்கினால், மக்கள் பெருகியது காரணமாக இருக்க இயலாது. ஒன்று, குழாய் அடைபட்டிருக்கிறது அல்லது சிதைந்திருக்கிறது. இல்லையேல், நீர் போய்ச் சேர வேண்டிய இடமே நிறைந்து நிற்கிறது.

இவ்விரண்டையும் பிரித்தறிவதே பழுதைக் கண்டறிவதன் சாரம். மூன்றாம் மேன்ஹோல் நிறைந்து வழிய, நான்காவதில் அடியில் மெல்லிய நீரோட்டம் மட்டும் தெரிந்தால், அடைப்பு மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் இருக்கிறது. நான்கும் நிறைந்து ஐந்து வெறுமையாக இருந்தால் அடைப்பு நான்குக்கும் ஐந்துக்கும் இடையில். ஐந்தும் அதற்கப்பால் பெருந்தெருவில் உள்ளவையும் நிறைந்திருந்தால் பழுது இந்தத் தெருவிலேயே இல்லை. கீழே பெரிய குழாய் அடைபட்டிருக்கும், அல்லது கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் நின்றிருக்கும். மழை பெய்யும்போது மட்டும் பொங்கினால், மொட்டை மாடி நீரோ தெரு வடிகாலோ கழிவுநீர்க் குழாயோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. நீர் பொங்குவது அடைப்புக்கு அருகிலுள்ள மூடியில் அன்று, மிகத் தாழ்ந்த மூடியில். தேங்கிய நீர் சமமட்டத்தில் நிற்கும். நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் அடைத்திருந்தாலும், மூன்றாவது மூடி நான்காவதைவிட நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தால் மூன்றில்தான் வழியும். தெருவைப் புதிதாகக் கான்கிரீட் போடும்போது சில மூடிகள் உயர்த்தப்பட்டும் சில பழைய மட்டத்திலேயே விடப்பட்டும் இருப்பதால், இவ்வாறு நேர்வது அரிதன்று. புகாரில் 'மூன்றாம் வீட்டு வாசலில் பொங்குகிறது' என்று இருக்கும்; பணியாளர்கள் அங்கேயே வந்து அங்கேயே குத்துவார்கள்; அடைப்போ நாற்பது மீட்டர் தள்ளி அமைதியாக இருக்கும்.

இந்த அடையாளங்களைத் தேடிக் குடியிருப்பாளர் மூடியைத் திறக்கலாகாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கலாம். அளவு கூடும்போது அது மூக்கின் மோப்பத்தையே முடக்கிவிடும் என்பதால் நாற்றம் இல்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. திறக்காமலே காணக்கூடியவை போதும்: எந்தெந்த மூடிகளின் விளிம்பில் ஈரமோ காய்ந்த கறையோ உள்ளது, எந்த நேரத்தில் தொடங்கி எப்போது வடிகிறது, எந்த வீடுகளின் கழிவறைகளில் நீர் இறங்க மறுக்கிறது, கடைசியாகச் சீர்செய்து எத்தனை நாளாயிற்று. காலை ஆறு மணிக்குப் பொங்கிப் பகலில் வடிந்தால் அடைப்பு முழுமையானதன்று. உச்சநேர நீரை மட்டும் குழாயால் விட முடியவில்லை. நள்ளிரவிலும் வழிந்தால் பாதை முற்றிலும் மூடியிருக்கிறது.

எத்தனை நாளில் திரும்புகிறது என்பது இவற்றுள் மிகக் கூர்மையான சான்று. உறிஞ்சு லாரி வந்து நீரை மட்டும் எடுத்துவிட்டுப் போவதாகக் கொள்வோம். மாதிரித் தெருவில் மேன்ஹோல்கள் ஒரு மீட்டர் விட்டமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உடையவை என்றால், அடைப்புக்கு மேற்புறமுள்ள நான்கு குழிகளும் குழாயும் சேர்ந்து ஏறத்தாழ 8,000 லிட்டர் கொள்ளும். நாளொன்றுக்கு 32,400 லிட்டர் வரும் தெருவில் அது நிரம்பச் சராசரியாக ஆறு மணி நேரம் ஆகும். ஆகவே காலையில் 'முடித்து வைக்கப்பட்ட' புகார் மாலையிலேயே திரும்பினால், எடுக்கப்பட்டது நீர் மட்டுமே, அடைப்பு தொடப்படவில்லை. பத்துப் பதினைந்து நாளில் திரும்பினால், மூங்கில் பிளாச்சோ கம்பியோ விட்டு அடைப்பில் ஒரு துளை மட்டும் போடப்பட்டிருக்கிறது. துளை வழியே மட்டம் இறங்கும், பணி முடிந்ததாகத் தோன்றும். படிந்த கசடு அங்கேயே இருந்து மீண்டும் துளையை மூடும். முறையாக ஜெட்டிங் செய்தபின்னும் ஒரே இடத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பினால், அது கழுவித் தீராத நோய். குழாய் அமிழ்ந்திருக்கலாம், உடைந்திருக்கலாம், மூட்டில் மரவேர் புகுந்திருக்கலாம். கேமராவை உள்ளே செலுத்திப் பார்த்து அந்தப் பகுதியை மாற்றுவதே வழி.

முறையான சுத்திகரிப்பைப் பார்த்தாலே தெரியும். ஜெட்டிங் இயந்திரத்தின் குழல் பெரும்பாலும் கீழ்ப்புற மேன்ஹோலிலிருந்து மேல்நோக்கிச் செலுத்தப்படும். அதன் முனையிலிருந்து பின்னோக்கிப் பீறிடும் நீர் குழலை முன்னே தள்ளிக்கொண்டே கசடைக் கீழே இழுத்துவரும். வந்த கசடை உறிஞ்சி எடுத்து லாரியில் கொண்டுபோக வேண்டும். அள்ளிய கசடு குழியின் ஓரத்தில் குவிக்கப்பட்டுக் கிடந்தால், அடுத்த மழையோ அடுத்த வண்டியோ அதை மீண்டும் உள்ளே தள்ளும். 'அடைப்பு நீக்கப்பட்டது' என்னும் வாக்கியத்துக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் எந்தக் குழியிலிருந்து எந்தக் குழி வரை, எந்தக் கருவியால், எவ்வளவு கசடு எடுக்கப்பட்டது என்ற மூன்றும் அதனுள் இருக்க வேண்டும்.

அந்த வாக்கியத்தில் இன்னொன்றும் இல்லை: வினைமுதல். 'நீக்கப்பட்டது' என்பது செயப்பாட்டு வினை. யாரால் என்பதைச் சொல்லாமலே முழுமை பெறும் வினை. அலுவலகத் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இது வழக்கமான நடைதான். ஆனால் இங்கே அந்த வெற்றிடத்தில் ஒரு மனிதர் நின்றிருக்கலாம், இடுப்பளவு கழிவுநீரில். 'உடனடியாக' என்று வற்புறுத்தும் புகார், இயந்திரம் கிடைக்காத நாளில், ஒப்பந்தக்காரர் ஒருவரை உள்ளே இறக்கக் காரணமாகிவிடும். அவர் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக இப்பணியில் அழுத்தப்பட்ட தலித் சமூகங்களைச் சேர்ந்தவர் என்பதை இந்தியச் சூழலில் மறைத்துப் பேசுவதில் நேர்மை இல்லை. புகார் எழுதுபவரின் வேதனையும் குழிக்குள் இறங்குபவரின் உயிரும் ஒரே கோப்பில் இருக்கின்றன. ஒன்று பக்கம் நிறைய எழுதப்படுகிறது. மற்றது வினைவிகுதியில் மறைகிறது.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. கையால் மலம் அள்ளும் பணிக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கழிவுநீர்க் குழாயையோ மலக்குழியையோ அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய யாரையும் பணியமர்த்தக் கூடாது என்று உள்ளாட்சி அமைப்புகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் தடை விதிக்கிறது. முதன்முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் 'அபாயகரமான சுத்தம்' என்பதற்குச் சட்டம் தரும் வரையறை ஊன்றிப் படிக்கத்தக்கது. பாதுகாப்புக் கருவிகளும் பிற சாதனங்களும் தராமல், முன்னெச்சரிக்கைகளை உறுதி செய்யாமல் செய்விக்கும் கைப்பணியே அபாயகரமானது என்கிறது அது. தடையின் எடை முழுவதும் 'இல்லாமல்' என்னும் ஒரு சொல்லில் தொங்குகிறது. கையுறை ஒன்றைக் கொடுத்துவிட்டு 'கருவிகள் வழங்கப்பட்டன' என்று எழுதிக்கொள்ளும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

அதே ஆண்டின் விதிகள் அந்த வாய்ப்பை ஓரளவு குறுக்குகின்றன. இயந்திரத்தால் இயலாத சில குறிப்பிட்ட சூழல்களில் மட்டுமே, பாதுகாப்பு அங்கியோடும் கருவிகளோடும், ஆளை இறக்கலாம். தவிர்க்கவே இயலாத வேறு சூழல் என்றால் உள்ளாட்சியின் தலைமை நிர்வாக அலுவலர் காரணம் காட்டி எழுத்தில் அனுமதி தர வேண்டும். ஆகவே அத்தகைய ஒவ்வொரு இறக்கத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருந்தாக வேண்டும். 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், கழிவுநீர்க் குழாயில் இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது. இறங்கச் சொல்லும் கோப்பின் மொழி அந்த அளவுக்கு மாறவில்லை. ஒன்றிய அரசு 'மேன்ஹோல்' என்னும் சொல்லுக்கு மாற்றாக 'மெஷின் ஹோல்' என்று வழங்க முயன்றதும் இந்தப் பின்னணியில்தான். பெயரிலிருந்து மனிதரை எடுப்பது நல்லது. குழியிலிருந்து எடுப்பதற்கு அது ஈடாகாது. புகாரிலேயே 'இயந்திரம் கொண்டு மட்டும். ஆளை இறக்கக் கூடாது. இறக்கினால் எழுத்து அனுமதியின் நகல் வேண்டும்' என்று ஒரு வரி சேர்ப்பது எவருக்கும் எளிது. அந்த வரி புகார்தாரரை வெறும் பாதிக்கப்பட்டவராக இருப்பதிலிருந்து பொறுப்புடைய குடிமகராக மாற்றுகிறது.

இத்தகைய புகாரின் வலிமைக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் ஒரு வார்டின் குடியிருப்பாளர்கள், திறந்த வடிகால்களின் துர்நாற்றம், மதுபான ஆலையிலிருந்து தெருவில் ஓடும் கழிவு, கழிப்பறையற்ற ஏழை மக்களின் அவல நிலை ஆகியவற்றை முன்வைத்து மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, பொதுத் தொல்லையை அகற்ற ஆணையிடும் அதிகாரத்தை அவருக்குத் தந்திருந்தது. 'தூய்மை செய்க' என்று சொல்லி அவர் நிறுத்தவில்லை. வடிகாலுக்குத் திட்டம் வகுத்துக் கட்டும்படி ஆணையிட்டார். நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை எதிர்த்தது. பணம் இல்லை என்றது. அங்கே குடியேறியவர்கள் நிலைமை தெரிந்தே குடியேறினார்கள் என்றும் வாதிட்டது. 1980 ஜூலை 29 அன்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இரண்டையும் ஏற்கவில்லை. சட்டம் விதித்த அடிப்படைக் கடமையிலிருந்து நிதிப் பற்றாக்குறையைக் காட்டி நகராட்சி நழுவ முடியாது என்பது அதன் சாரம். செய்ய வேண்டியவற்றுக்குக் காலக்கெடுவும் விதிக்கப்பட்டது.

ரத்லாம் வழக்கு சட்ட வகுப்புகளில் சுற்றுச்சூழல் உரிமையின் தொடக்கங்களுள் ஒன்றாகப் பாடம் சொல்லப்படுகிறது. புகாரின் மொழியை ஆராய்பவருக்கு அதில் வேறொரு பாடம் உண்டு. அங்கே கேட்கப்பட்டதும் ஆணையிடப்பட்டதும் ஒரு நிகழ்ச்சியின் நிறுத்தம் அன்று, ஒரு கட்டுமானத்தின் உருவாக்கம். துர்நாற்றம் ஒரு நாள் குறைந்ததால் அந்த வழக்கு முடிந்துவிடவில்லை, முடிந்திருக்கவும் முடியாது. இன்று அந்த 133ஆம் பிரிவின் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு இருக்கிறது. வழி இன்றும் திறந்தே உள்ளது.

ஆனால் எல்லாத் தெருவும் நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றுக்கு நல்ல புகாரும் அதைத் தொடரும் தகவல் கோரிக்கையும் போதும். மாதிரித் தெருவின் புகாரை இப்படி எழுதலாம்: "இத்தெருவில் ஐந்து சீவர் மேன்ஹோல்கள் உள்ளன. நீரோட்டத் திசையில் மூன்றாவது மூடியிலிருந்து கழிவுநீர் வெளியேறுகிறது, நான்காவதன் விளிம்பிலும் கசிவு உள்ளது, ஐந்தாவது உலர்ந்திருக்கிறது. மழை இல்லை. காலை ஆறு முதல் பத்து வரை வழிகிறது. இரண்டு மாதத்தில் இது நான்காம் முறை; முந்தைய புகார் எண்கள் கீழே உள்ளன. குடிநீர்க் குழாய் இதே தெருவில் செல்கிறது. குழாய் நீரில் இரண்டு நாளாக நாற்றம் உள்ளது. நான்குக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட குழாயை ஜெட்டிங் இயந்திரத்தால் முழுமையாகச் சுத்தம் செய்து, கேமராவால் ஆய்ந்து, பழுதிருப்பின் மாற்றித் தர வேண்டும். ஆளை இறக்கக் கூடாது. எடுத்த கசட்டை அன்றே அகற்ற வேண்டும்."

இதில் துன்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. துன்பத்தின் காரணம் முழுவதும் இருக்கிறது. குடிநீர் பற்றிய வரி அச்சமூட்டுவதற்காகச் சேர்த்தது அன்று. இந்திய நகரங்களில் குடிநீர் பெரும்பாலும் சில மணி நேரமே வருகிறது. வராத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. மூட்டில் விரிசல் இருந்தால் சுற்றியுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். குழாய் நீர் நாறுகிறது என்பது தனிப் புகாராக வேறு துறைக்கும் போக வேண்டிய செய்தி. மிக முக்கியமானது 'நான்காம் முறை' என்பது. முந்தைய எண்களைச் சேர்த்ததும் நான்கு தனி நிகழ்ச்சிகள் ஒரே பழுதாக ஒன்றுபடுகின்றன. அலுவலகத்தின் கணக்கில் நான்கு வெற்றிகளாக இருந்தவை ஒரு தோல்வியாகப் பொருள் மாறுகின்றன.

புகார் மீண்டும் வெறும் 'நீக்கப்பட்டது' என்று முடிந்தால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த நாளின் இயந்திரப் பதிவேடு, எந்தக் குழியிலிருந்து எது வரை என்ற குறிப்பு, எடுத்த கசட்டின் அளவு, ஆளை இறக்கியிருந்தால் எழுத்து அனுமதி ஆகியவற்றின் நகலைக் கேட்கலாம். முப்பது நாளுக்குள் விடை தர வேண்டும். அந்தச் சட்டத்தின் தகவல் உரிமை தாளோடு நிற்பதில்லை. பணியை நேரில் ஆய்வதும் அதன் வரையறைக்குள் அடங்கும். பலரும் பயன்படுத்தாத பகுதி இது.

இதற்கு ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. வாசலில் கழிவுநீர் நிற்கும் ஒருவரிடம் பொறியாளரைப் போல் எழுதச் சொல்வது எப்படி முறையாகும்? எழுதப் படிக்கத் தெரியாதவர், வாடகைக்கு இருப்பவர், அங்கீகாரமற்ற குடியிருப்பில் வாழ்பவர் என்ன செய்வார்? பழுதைக் கண்டறிவது அலுவலகத்தின் வேலை அல்லவா? ஆம், அலுவலகத்தின் வேலையே. இங்கே சொல்லப்பட்டவை புகார்தாரரின் தகுதித் தேர்வு ஆகிவிடக் கூடாது. 'பொங்குகிறது' என்ற ஒற்றைச் சொல்லோடு வரும் அழைப்பும் முழுமையான புகாரே. அதை ஏற்பவர் நான்கு கேள்விகள் கேட்டு மற்றதை நிரப்பிக்கொள்ள வேண்டும்: எந்தெந்த மூடிகள், எந்த நேரம், மழை உண்டா, முன்பு எப்போது. இந்த நான்கும் புகார்ப் படிவத்திலேயே இருந்தால் யாரும் கடிதக்கலை கற்க வேண்டியதில்லை. அதேபோல், முடிப்புப் படிவத்தில் குழி எண்கள், கருவி, கசட்டின் அளவு, ஆள் இறங்கினாரா என்னும் கட்டங்களை நிரப்பாமல் புகாரை முடிக்க இயலாதபடி செய்யலாம். அதே தெருவில் அறுபது நாளுக்குள் மூன்றாம் புகார் வந்தால் அது சுத்தம் செய்யும் பிரிவிலிருந்து குழாய் மாற்றும் பிரிவுக்குத் தானாகவே போகும்படியும் அமைக்கலாம். இவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. தேவையானது, வாக்கியத்தின் வினைமுதலையும் இடத்தையும் விடாமல் கேட்கும் ஒரு படிவம்.

அத்தகைய படிவம் வரும்வரை அதன் வேலையைப் புகாரே செய்ய வேண்டியிருக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் நிறைந்த பல்கலைக்கழகங்களைச் சுற்றியும் மேன்ஹோல்கள் பொங்குகின்றன. அங்கே ஒரு தெருவின் ஐந்து மூடிகளுக்கு எண்ணிட்டு, பொங்கிய நாட்களையும் நேரங்களையும் ஒரு தாளில் குறித்துவைத்து, எழுத இயலாத அண்டை வீட்டாரின் புகாரோடு அதை இணைத்துத் தருவது ஒரு மாலைநேர வேலை. அந்தத் தாள் கோப்பில் சேர்ந்தபின், 'அடைப்பு நீக்கப்பட்டது' என்று எழுதும் கை, எந்த இரண்டு குழிகளுக்கு இடையில் என்பதையும் எழுத வேண்டியிருக்கும்.